பொறி வரைந்த கடைத்தெரு

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழா நாடகத்திற்கு ஒரு சுவரொட்டி தேவைப்பட்டது. கதை நடப்பது தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கடைத்தெருவில். நம்மில் ஓவியம் வரையத் தெரிந்தவர் எவரும் இல்லை. ஆகவே, சொல்லைக் கொடுத்தால் படத்தைத் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறி ஒன்றிடம், "மாலை வெயில், ஓட்டுக் கூரைக் கடைகள், தூண் வைத்த தாழ்வாரம், நடுவில் இளைஞன்" என்று கேட்டோம். அரை நிமிடத்திற்குள் படம் வந்தது. தொலைபேசித் திரையில் பார்த்தபோது மிக அழகாக இருந்தது. அச்சிட்டு ஒட்டிவிட்டோம்.

மறுநாள் மாலை உணவு விடுதி வாயிலில், ஞாயிறுதோறும் நம் சங்கத்தில் தமிழ் எழுதப் படிக்கக் கற்கும் சிறுமி ஒருத்தி அந்தச் சுவரொட்டியின் முன் நின்றுகொண்டிருந்தாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த குழந்தை. இரண்டாண்டுக் காலமாகத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். படத்திலிருந்த கடைப் பலகையின்மேல் விரலை வைத்து, "அண்ணா, இது என்ன எழுத்து? எங்களுக்கு இன்னும் சொல்லித் தரலியே?" என்று கேட்டாள். உற்றுப் பார்த்தேன். ககரம் போலத் தொடங்கி, ஞகரம் போல வளைந்து, மலையாளம் போல முடிந்த ஏதோ ஒன்று அது. எழுத்தே அன்று. அவள் தனக்குத்தான் தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டாள். தமிழ்ச் சங்கத்தின் பெயரைத் தாங்கிய தாளில் தமிழல்லாத ஒன்றைத் தமிழ்போல ஒட்டி வைத்திருந்தோம். அன்றிரவே சுவரொட்டிகளைக் கிழித்தோம். படத்தைத் திருத்த மூன்று நாட்கள் ஆயின. அந்த மூன்று நாட்களில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிழை எங்கிருந்து வருகிறது என்பதைக் காண்போம். இவ்வகைப் பொறி, வெறும் இரைச்சலிலிருந்து தொடங்குகிறது. ஒலிபரப்பு இல்லாத வேளையில் பழைய தொலைக்காட்சியில் தெரியுமே, அந்தப் புள்ளிக் கூட்டம் போன்றது. அதிலிருந்து இருபது முப்பது படிகளில் இரைச்சலைச் சிறிது சிறிதாக நீக்கி, கற்ற கோடிக்கணக்கான படங்களின் சாயல் தோன்றுமாறு செய்கிறது. இந்த வேலையை அது முழுப் படத்தின்மேல் செய்வதில்லை. கணக்குச் சுருங்கவேண்டும் என்பதற்காக, 2022-இல் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் முதலிய பொறிகளில், அகலத்தில் 8 உயரத்தில் 8 ஆக 64 படப்புள்ளிகள் கொண்ட ஒரு சதுரத்தை ஒரே அறையாகச் சுருக்கிவிடுகிறார்கள். 64 புள்ளிகளுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மும்மூன்று எண்கள்; மொத்தம் 192. அந்த 192 எண்களுக்குப் பதிலாக அறையில் இருப்பவை 4 எண்களே. வேலை முடிந்தபின் அந்த நான்கிலிருந்து 192-ஐ மீண்டும் ஊகித்து எழுதவேண்டும்.

வானத்திற்கும் சுவருக்கும் மரத்திற்கும் இந்த ஊகம் போதும். இலை ஒன்று இடம் மாறினால் யாருக்கு நட்டம்? ஆனால் எழுத்துக்கு அது போதாது. எங்கள் படம் 832 புள்ளி அகலமும் 1216 புள்ளி உயரமும் உடையது. கடைப் பலகையில் எழுத்தின் உயரம் ஏறத்தாழ 24 புள்ளி, அதாவது மூன்றே அறைகள். அந்த மூன்று அறைகளுக்குள் னகரத்தின் இரண்டு சுழியையும் ணகரத்தின் மூன்று சுழியையும் வேறுபடுத்திக் காட்ட இடம் எங்கே? அதே எழுத்து, ஏ-3 தாளுக்காக நான்கு மடங்கு பெரிதாக்கி அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டபோது, எட்டு மில்லிமீட்டர் உயரத்தில் வந்து நின்றது. திரையில் மறைந்திருந்த பிழை சுவரில் வெளிப்பட்டது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதற் பதிப்புகள் பெரும்பாலும் ஆங்கில விளக்கம் உடைய படங்களைக்கொண்டு பயின்றவை. நாம் தரும் சொல்லையும் அவை எழுத்தெழுத்தாகக் காண்பதில்லை. துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுத்துப் படிக்கின்றன. எனவே பொறிக்கு எழுத்து என்பது ஓர் ஒப்பனை; "கடைப் பலகையில் கறுப்பாக வளைவுகள் இருக்கும்" என்பது வரையில்தான் அது அறியும். 2024-இல் வெளிவந்த சில பொறிகள் ஓர் அறைக்கு 4 எண்ணுக்கு மாறாக 16 எண் வைத்துக்கொள்கின்றன. அவற்றில் பெரிய ஆங்கிலப் பலகைகள் பெரும்பாலும் சரியாகவே வருகின்றன. தொலைவில் உள்ள சிறு பலகையும் நம் தமிழும் அந்த அளவுக்கு நம்பத்தக்கவை அல்ல.

எழுத்தின் கதை இதுவென்றால், தூணும் தரையும் ஏன் தவறுகின்றன? அதே காரணத்தின் மறுபக்கம் அது. இடப்பக்கத்து அறையும் வலப்பக்கத்து அறையும் ஒன்றையொன்று ஓரளவு கலந்துகொள்கின்றன என்பது உண்மை. ஆனால் "பன்னிரண்டு கம்பிகள், ஒரே இடைவெளி" என்ற கணக்கு எந்த இடத்திலும் எழுதி வைக்கப்படவில்லை. இரண்டு கொத்தனார்கள் ஒரே கூடத்திற்கு எதிரெதிர் மூலையிலிருந்து, நூல் பிடிக்காமல், தரைக்கல் பதித்துக்கொண்டு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவர் வேலையும் தனித்தனியே சுத்தமாக இருக்கும். நடுவில் சந்திக்கும்போது அரைக்கல் இடிக்கும். அந்த இடிப்பை மழுப்புவதற்குப் பொறி ஒரு கல்லை நீட்டியும் ஒரு கம்பியை இரண்டாகப் பிளந்தும் ஏதோ செய்துவிடுகிறது.

நடுவில் ஆள் நின்றால் பிழை இன்னும் கூடும். எங்கள் கதாநாயகனுக்குப் பின்னால் மாடிக் கைப்பிடி ஒன்று சென்றது. அவன் தலைக்கு இடப்புறம் அது மேலிருந்து 400-ஆம் புள்ளியில் போய் மறைந்தது. வலப்புறம் 418-ஆம் புள்ளியில் வெளிவந்தது. தலைக்குப் பின்னே கைப்பிடி வளைந்துவிட்டது போலும்! பின்னணியைச் சோதிக்கப் புகுவோர் முதலில் பார்க்கவேண்டியது இவ்விடத்தைத்தான்.

மூன்றாவது, நடக்க முடியாத வடிவம். எஷர் என்னும் டச்சு ஓவியர் 1958-இல் "பெல்வெடேர்" என்றொரு படம் அச்சிட்டார். அதில் மண்டபத் தூண்கள் சில, அடியில் முன்வரிசையில் தொடங்கி உச்சியில் பின்வரிசையைத் தாங்கும். அவர் அதைக் கணக்குப் போட்டு வேண்டுமென்றே செய்தார். எங்கள் பொறி அறியாமற் செய்தது. காபிக்கொட்டைக் கடையின் தூண் ஒன்று மேலே முன் உத்தரத்தைத் தாங்கியது. கீழே திண்ணைக்குப் பின்னால் போய் நின்றது. உச்சியைத் தனியே பார்த்தாலும் சரி, அடியைத் தனியே பார்த்தாலும் சரி. இரண்டும் ஒரே தூண் என்றால்தான் தவறு. முன், பின் என்ற ஆழக் கணக்கைக் கட்டாயமாகச் சரிபார்க்கும் உறுப்பு பொறிக்குள் இல்லை.

இனித் திருத்தம். நாங்கள் முதலில் செய்த தவறு, முழுப் படத்தையும் மீண்டும் மீண்டும் வரையச் சொன்னதுதான். ஒன்று சரியானால் மற்றொன்று கெடும். நாற்பது படங்களுக்குப் பிறகுதான் புத்தி வந்தது. அளவும் எண்ணிக்கையும் எழுத்தும் வேண்டிய இடங்களை நாமே அளவுகோலாலும் எழுத்துருவாலும் செய்துவிடவேண்டும். வெயிலும் தூசியும் சுண்ணாம்புக் கறையும் மட்டுமே பொறியின் பங்கு. இலவசமாகக் கிடைக்கும் GIMP என்ற மென்பொருளே இதற்குப் போதுமானது.

முதல் வேலை, கதாநாயகனை வெட்டித் தனி அடுக்கில் வைத்துக்கொள்வது. இதைச் செய்யாமல் பின்னணியைத் தொட்டால் அவன் தலைமயிரும் கெடும். அடுத்து, கூரை விளிம்பு, திண்ணை விளிம்பு, மாடிக் கைப்பிடி இவற்றின்மேல் நீண்ட நேர்கோடுகளை இழுத்தோம். நேரான தெருவில் இணையாக ஓடும் விளிம்புகள் யாவும் ஒரே புள்ளியில் கூடவேண்டும். தரைக்கு இணையான கோடுகள் கூடும் புள்ளி எப்போதும் பார்ப்பவரின் கண்மட்டத்தில் இருக்கும். இடவரிசைக் கோடுகள் இடமிருந்து 460, மேலிருந்து 530 என்ற இடத்தில் கூடின. வலவரிசைக் கோடுகளோ மேலிருந்து 690-இல் கூடின. ஒரே தெருவுக்கு இரண்டு கண்மட்டம்! தெருவில் நடந்து செல்வோராகப் பொறி வரைந்திருந்த மூவரின் கண்களும் 530-ஐ ஒட்டியே இருந்தன. எனவே இடவரிசையை மெய் என்று கொண்டோம். வலவரிசையின் சுவர் தட்டையானது. அதை வேறு அடுக்குக்கு மாற்றி, Perspective என்ற கருவியால் நான்கு மூலைகளையும் பிடித்து இழுத்து, அதன் கோடுகளும் அதே புள்ளிக்குப் போகுமாறு செய்தோம். சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருந்த மாடத்திற்கு இந்த வித்தை ஒத்துவரவில்லை. அதைப் புதிதாக வரையவேண்டியிருந்தது.

பிறகு தூண்கள். இங்கே கண்ணை நம்பக்கூடாது என்று கண்டுகொண்டேன். தாழ்வாரத் தூண்கள் நான்கின் அடிகள் இடமிருந்து 40, 180, 250, 310 ஆகிய புள்ளிகளில் இருந்தன. இடைவெளி 140, 70, 60. தொலைவு செல்லச் செல்லக் குறைகிறது, பார்வைக்குக் குறையில்லை. ஆனால் சம இடைவெளியில் நிற்கும் நான்கு தூண்களை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் மாறாத ஒரு விகிதம் உண்டு. முதல் தூணிலிருந்து மூன்றாவது வரை உள்ள தூரத்தை, இரண்டாவதிலிருந்து நான்காவது வரை உள்ள தூரத்தால் பெருக்குங்கள். அதை, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலுள்ள தூரத்தையும் ஒன்றுக்கும் நான்குக்கும் இடையிலுள்ள தூரத்தையும் பெருக்கிய தொகையால் வகுங்கள். உண்மைத் தூண்கள் ஓரடி இடைவெளியில் இருந்தால் 2 × 2 = 4; 1 × 3 = 3; விடை 4/3, அதாவது 1.33. படத்திலும் அதுவே வரவேண்டும். எங்கள் படத்தில்:

(210 × 130) ÷ (70 × 270) = 1.44

முதல் மூன்றையும் சரி என்று வைத்துக்கொண்டு, விடை 4/3 ஆகும்படி நான்காவதைக் கணக்கிட்டால் அது 292-இல் நிற்கவேண்டும். சோதனை:

(210 × 112) ÷ (70 × 252) = 1.33

பதினெட்டுப் புள்ளி நகர்த்தியதும் தாழ்வாரம் அமைதியாகிவிட்டது. முன்னே "ஏதோ உறுத்துகிறது" என்று சொன்ன நண்பர்கள் பின்னே ஒன்றும் சொல்லவில்லை. கணிதம் படித்ததற்கு இதுவும் ஒரு பயன் என்று வீட்டுக்கு எழுதினேன். (தூண்கள் சம இடைவெளியில் கட்டப்பட்டவை என்று கொள்ள இடமிருந்தால்தான் இக்கணக்குச் செல்லும். வாயிலுக்காக ஓர் இடைவெளி அகலமாக விடப்பட்ட பழைய வீடுகளில் இது ஏமாற்றிவிடும்.)

பெல்வெடேர்த் தூணுக்கு வருவோம். அதன் எந்த முனை மெய் என்று நாமே முடிவு செய்யவேண்டும். உச்சியை வைத்துக்கொண்டு அடியை அழித்து, திண்ணையின் முன்விளிம்புக்கு இறக்கினோம். இறக்கியும் அது காற்றில் மிதந்தது. காரணம், தூண் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய கருநிழல் இல்லை. நிழலை மற்றத் தூண்களின் நிழல் சாயும் பக்கமே சாய்த்துத் தீட்டியபின்தான் தூண் ஊன்றி நின்றது.

தாழ்வாரத்துத் தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இருந்தன. அவற்றைக் கல்கல்லாகத் திருத்துவது வீண்வேலை. GIMP-இல் Checkerboard என்ற வசதியால் பத்துக்குப் பத்துக் கட்டம் போட்ட சதுரம் ஒன்றை உண்டாக்கி, அதையே Perspective கருவியால் தரையின் நான்கு மூலைக்கும் பொருத்தினோம். பின்னோக்கிச் செல்லும் கட்டங்கள் எவ்வளவு சிறுத்துவரவேண்டுமோ அவ்வளவு தாமே சிறுத்துவந்தன. இதைச் சரிபார்க்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது. இத்தாலியரான அல்பெர்த்தி 1435-இல் ஓவியம் பற்றி எழுதிய நூலில் அதைச் சொல்லியிருக்கிறார். கட்டங்களின் மூலைவிட்டமாக ஒரே நேர்கோடு போட்டால் அது அடுத்தடுத்த கட்டங்களின் மூலைகள் வழியாகவே செல்லவேண்டும். பொறி போட்ட தரையில் நாலாவது கட்டத்திலேயே கோடு விலகியது. எங்கள் தரையில் விலகவில்லை. புதிய தரையை Multiply என்ற முறையில் பழைய தரையின்மேல் படியவைத்தால், பழைய தரையின் நிழலும் கறையும் ஊடே தெரியும். அதற்கு முன், பழைய கட்டங்களின் கோடு மறையுமாறு அடித்தரையை நன்றாக மங்கலாக்கிக்கொள்ளவேண்டும். இல்லையேல் இரண்டு கட்டங்களும் கலந்து பாய் முடைந்தாற்போல் இருக்கும்.

மாடிக் கைப்பிடியில்தான் பொறியை மீண்டும் உதவிக்கு அழைத்தோம். முதலில் நேர்கோட்டுக் கருவியால் முனையிலிருந்து முனைவரை ஒரே கைப்பிடியும், எண்ணி வைத்த கம்பிகளும் வரைந்தோம். அது பள்ளிக்கூடப் படம்போல் மொட்டையாக இருந்தது. பிறகு அந்த இடத்தை மட்டும் முகமூடியிட்டு, "துருப் பிடித்த இரும்புக் கம்பி, மாலை வெயில்" என்று கேட்டோம். இதில் கவனிக்கவேண்டியவை இரண்டு. ஒன்று, எவ்வளவு மாற்றலாம் என்று பொறிக்குத் தரும் அளவு. `denoising strength` என்று திரையில் இருக்கும். 0.8 வைத்தால் நம் கோடுகளை விழுங்கிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு வரையும். 0.2 வைத்தால் மொட்டைக் கோடு அப்படியே நிற்கும். 0.4 அளவில் கோடு நிலைத்துத் துருவும் ஏறியது. இரண்டாவது, முகமூடியிட்ட பகுதியை மட்டும் பெரிதாக்கி வரைந்து, பிறகு சுருக்கி ஒட்டும் ஏற்பாடு. திரையில் `Only masked` என்று காணலாம். 200 புள்ளி அகலத் துண்டை 1000 புள்ளியாக்கி வரையும்போது ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து மடங்கு அறைகள் கிடைக்கின்றன. ஓர் அறைக்குள் நெரிந்த கம்பிக்கு இப்போது ஐந்து அறைகள். திருத்தம் நிலைப்பதன் இரகசியம் பெரும்பாலும் இதுதான்.

எழுத்தைக் கடைசியில்தான் வைக்கவேண்டும். இதை நாங்கள் ஓர் இரவு உழைப்பை இழந்து கற்றோம். முதல் முறை பலகைகளையெல்லாம் தமிழில் அழகாக எழுதி முடித்து, அதன்பின் அச்சுக்காகப் படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கினோம். பெரிதாக்கும் பொறியும் ஊகித்து வரைவதுதானே? "மளிகை" மீண்டும் கோணல்மாணலாகிவிட்டது. ஆகவே பெரிதாக்கிய பிறகே எழுத்து. எழுதியபின் எந்தப் பொறியிடமும் படத்தைக் கொடுக்கக்கூடாது.

முதலில் எந்தப் பலகை படிக்கத்தக்கது, எது தேவையில்லை என்று பிரித்தோம். தெருக்கோடியில் இருந்த ஐந்தாறு பலகைகளில் எழுதவே இல்லை. உண்மையான நிழற்படத்திலும் அவ்வளவு தொலைவில் எழுத்து தெரியாது. அவற்றை மங்கலாக்கி, இரண்டின்மேல் வேப்பமரத்து நிழலை விழவிட்டோம். முன்னிருந்த மூன்றைத்தான் எழுதினோம். பலகையின் சட்டத்தை விட்டுவிட்டு உட்பகுதியை மட்டும், பக்கத்து வண்ணத்தை எடுத்து Clone கருவியால் நிரப்பினோம். "வெறும் பலகை வரை" என்று பொறியிடம் கேட்டுப் பார்த்தோம். பலகை என்றால் எழுத்து இருக்கும் என்பது அதன் நம்பிக்கை. மீண்டும் மீண்டும் கிறுக்கியது.

எழுத்துக்கு யூனிகோடு எழுத்துரு வேண்டும். கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்தை முதலில் தட்டிப் பார்க்கவேண்டும். "காபிக்கொட்டை" என்பதில் "கொ" வருகிறதல்லவா? தமிழை ஒழுங்காகக் கோக்கத் தெரியாத மென்பொருளில் கொம்பு ககரத்திற்குப் பின்னால் போய்விடும். அப்படி ஆனால் பொறியின் பிழையை நீக்கி நம் பிழையை எழுதியவராவோம். "இங்கு காபிக்கொட்டை அரைத்துத் தரப்படும்", "மளிகைக் கடை", "சைக்கிள் வாடகைக்கு விடப்படும்" என மூன்றையும் நேர்ப்பலகையில் எழுதி, Perspective கருவியால் பலகையின் மூலைகளுக்குப் பொருத்தினோம். சாய்த்தால் மட்டும் போதாது; தொலைவு முனையில் எழுத்து குறுகவும் வேண்டும். அது இக்கருவியில் தானே அமையும்.

அதன் பின்னும் எழுத்து ஒட்டுத்தாள்போல் பளிச்சென்று தனித்து நின்றது. படத்தில் மிகக் கறுத்த இடமும் முழுக் கறுப்பு அன்று, வெயிலில் சற்றே பழுப்பேறிய கறுப்பு. அந்த நிறத்தைக் கதவிடுக்கின் நிழலிலிருந்து எடுத்து எழுத்துக்கு ஊட்டினோம். பலகைச் சட்டத்தின் விளிம்பு எவ்வளவு மங்கலோ அவ்வளவு எழுத்தையும் மங்கவைத்து, சிறிது புள்ளியிரைச்சலும் தூவியபின் பலகையோடு எழுத்து ஒட்டிக்கொண்டது.

அச்சுக்கு அனுப்புமுன் படத்தை இடவலம் புரட்டிப் பார்த்தோம். பழகிய கண்ணுக்குத் தப்பிய கோணல்கள் அப்போது தெரியும். அதில் தண்ணீர்க் குழாய் ஒன்று சுவருக்குள் புகாமல் பாதியில் முடிவது அகப்பட்டது. பிறகு முழு அளவில் மூலை மூலையாக நகர்த்திப் பார்த்தோம். கடைசியாக, படத்தைத் திருத்தாத ஒருவர் அதில் உள்ள ஒவ்வொரு பலகையையும் உரக்கப் படிக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டோம். திருத்தியவன் தான் எழுதியதைத்தான் படிப்பான், இருப்பதைப் படிக்கமாட்டான்.

அந்த வேலையை ஞாயிறு வகுப்புச் சிறுமியிடமே கொடுத்தோம். "இங்கு காபிக்கொட்டை அரைத்துத் தரப்படும்" என்று எழுத்துக் கூட்டி முடித்தவள், அடுத்த பலகைக்குப் போய், "சைக்கிள் வாடகைக்கு வீடப்படும்னு போட்டிருக்கே அண்ணா, விடப்படும்தானே?" என்றாள். விசைப்பலகையில் கை தவறித் தட்டியது நான்தான்.